முள் இறங்கும் வேகம்

மதியச் சாப்பாடு முடிந்த கையோடு இரண்டு மாடி ஏறி வந்திருந்தார்கள் அந்த முதலாமாண்டு மாணவிகள். தமிழ்நாட்டு நர்சிங் கல்லூரி ஒன்றின் ஸ்கில்ஸ் லாப் அது. சுவரோரம் வரிசையாகக் கட்டில்கள், கட்டில்களில் ரப்பர் தோல் போர்த்திய பொம்மை நோயாளிகள், நடுவில் ஒரு மேசை, முதுகு சாய்த்து உட்காரும்படி ஒரு நாற்காலி. கடைசியாக மூச்சு வாங்க உள்ளே நுழைந்த பெண்ணை டியூட்டர் அப்படியே கூப்பிட்டு நாற்காலியில் உட்காரவைத்தார். மேற்கையில் பட்டையைச் சுற்றி, ஆட்டோமேட்டிக் மிஷினின் பொத்தானை அழுத்தினார். 134/84. பலகையில் எழுதினார்.

"இப்ப ஒண்ணும் பேசாம அஞ்சு நிமிஷம் இப்படியே உட்காரும்மா."

ஐந்து நிமிடம் கழித்து அதே கை, அதே மிஷின். 114/72. அதையும் பக்கத்திலேயே எழுதிவிட்டு வகுப்பைப் பார்த்துக் கேட்டார்: "இதுல எது இவளோட பி.பி.?"

மிஷின் பொய் சொல்லவில்லை. முதல் எண், மாடி ஏறி ஓடி வந்த உடம்பின் அழுத்தம். இரண்டாவது, ஓய்வில் இருக்கும் உடம்பின் அழுத்தம். டாக்டர் மாத்திரை எழுதுவதா வேண்டாமா என்று முடிவு செய்வது இந்த இரண்டாவது எண்ணை வைத்துத்தான். 140/90 என்ற கோட்டைத் தாண்டினால் உயர் ரத்த அழுத்தம் என்று பொதுவாகக் கொள்கிறோம். பஸ் ஸ்டாண்டிலிருந்து வெயிலில் நடந்து வந்து, வரிசையில் நின்று, உட்கார்ந்ததுமே கையை நீட்டுகிற ஒருவர் அந்தக் கோட்டைத் தாண்டுவது பெரிய அதிசயமில்லை. ஐந்து நிமிடம் பொறுத்திருந்தால் அவர் கோட்டுக்கு இந்தப் பக்கமே இருந்திருக்கலாம்.

அன்றைய பாடத்தின் முதல் அரை மணி நேரம் ஸ்டெதஸ்கோப்பை யாரும் தொடவில்லை. காதில் மாட்டுவதற்கு முன்பே அளவு பாதி தீர்மானமாகிவிடுகிறது என்பதுதான் டெமோவின் முதல் பகுதி.

நாற்காலியில் இருந்த பெண்ணின் கையைக் கீழே தொங்கவிடச் சொன்னார் டியூட்டர். பிறகு மடியில் வைக்கச் சொன்னார். கடைசியில் மேசைமேல் ஒரு தலையணையை மடித்துப் போட்டு, பட்டை சுற்றிய இடம் நெஞ்சின் நடு உயரத்துக்கு வருமாறு கையைச் சாய்த்துவைத்தார். காரணம், கிணற்றுத் தண்ணீரைப் பற்றித் தெரிந்தவர்களுக்கும் புரியும் காரணம்தான்: ஆழம் கூடக் கூடத் தண்ணீரின் அழுத்தம் கூடும். ரத்தமும் அப்படியே. இதயத்தின் மட்டத்திலிருந்து பட்டை 10 சென்டிமீட்டர் கீழே போனால் ஏறத்தாழ 8 பாதரச மில்லிமீட்டர் கூடுதலாகக் காட்டும். மேலே போனால் அதே அளவு குறையும். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். மேசைமேல் தாங்கிய கையோடு ஒப்பிட்டால், மடியில் வைத்த கையில் மேல் அளவு சராசரியாக 4 கூடியது. பக்கவாட்டில் தொங்கிய கையில் 6.5 கூடியது. நம் ஊர் வெளிநோயாளி அறைகளில் எத்தனை பேர் மேசையே இல்லாமல் ஸ்டூலில் உட்கார்ந்து கை நீட்டுகிறார்கள் என்று நினைத்துப் பார்த்தால், இந்த எண்கள் மனதை உறுத்துகின்றன.

அடுத்து பட்டை. கஃப் என்று எல்லோரும் சொல்கிற இந்தத் துணிப்பட்டைக்குள் ஒரு ரப்பர் பை இருக்கிறது. அந்தப் பைதான் தமனியை அழுத்துகிறது, வெளித்துணி வெறும் உறை. டியூட்டர் தையல்காரர் போல இன்ச் டேப்பை எடுத்து, தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் அந்தப் பெண்ணின் கையைச் சுற்றி அளந்தார். 25 சென்டிமீட்டர். உள்ளே இருக்கும் பையின் நீளம் கைச் சுற்றளவில் 80 சதவீதமாவது இருக்க வேண்டும், அகலம் 40 சதவீதம். அதாவது இவளுக்கு 20 நீளம், 10 அகலம். சுற்றளவு 40 இருக்கும் ஒருவருக்கு 32 நீளமும் 16 அகலமும் வேண்டும். அவருக்கு நடுத்தர அளவுப் பட்டையை இழுத்துப் பிடித்துச் சுற்றினால், குட்டையான பை தமனியை அமுக்கக் கூடுதல் காற்று கேட்கும். அந்தக் கூடுதல் காற்றையும் சேர்த்து நாம் அவர் தலையில் ரத்த அழுத்தமாக எழுதிவிடுகிறோம். அதே பல்கலைக்கழகத்தில் 2023-இல் வெளியான இன்னொரு ஆய்வில், மிகப் பெரிய பட்டை தேவைப்பட்டவர்களுக்குச் சாதாரணப் பட்டையைப் போட்டபோது மேல் அளவு சராசரியாக 19.5 கூடுதலாக வந்தது. 125 இருக்கிற மனிதர் இதனால் 144 ஆகிவிடுகிறார்.

"சின்னக் கைக்குப் பெரிய கஃப் போட்டா, மேம்?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

"அப்ப குறைச்சுக் காட்டும். ஆனா தப்பு அந்த அளவுக்குப் பெருசா இருக்காது. சந்தேகமா இருந்தா பெரியதை எடு."

அதன் பிறகே ஸ்டெதஸ்கோப் மேசைக்கு வந்தது. அதைக் காதில் மாட்டுவதற்கு முன் இன்னும் ஒரு வேலை பாக்கி இருந்தது. அவசரத்தில் பலரும் விட்டுவிடுவது அதைத்தான். டியூட்டர் இடது கை விரல்களால் மணிக்கட்டு நாடியைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் ரப்பர் பல்பை அமுக்கிக் காற்று ஏற்றினார். டயலில் முள் 60, 80, 100 என்று ஏறியது. 110-ஐத் தாண்டியதும் "நாடி நின்னுபோச்சு" என்றார். காற்றை முழுக்க இறக்கிவிட்டு ஒரு நிமிடம் காத்திருந்தார். விரலால் கிடைத்த இந்த எண்ணோடு 30-ஐக் கூட்டி, 140 வரை ஏற்றிவிட்டுத்தான் காதால் கேட்க ஆரம்பிக்க வேண்டும்.

ஏன் இரண்டு தடவை? இதற்கு அவர் வார்டில் நடந்த ஒன்றைச் சொன்னார். வயதான நோயாளி ஒருவருக்கு ஒரு மாணவி பி.பி. பார்த்தாள். விரல் வைத்துப் பார்க்கவில்லை. குத்துமதிப்பாக 160 வரை காற்று ஏற்றினாள். சத்தம் ஏதும் கேட்கவில்லை. சரி, இதற்குக் கீழேதான் இருக்கிறது என்று மெதுவாக இறக்கினாள். 152-இல் சத்தம் தொடங்கியது, 94-இல் நின்றது. 152/94 என்று எழுதினாள். கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான் என்று தோன்றும் எண். பெரியவரோ தலை வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வார்டு சிஸ்டர் வந்து மணிக்கட்டில் விரல் வைத்துக் காற்று ஏற்றினார். நாடி 190-இல்தான் நின்றது. 220 வரை ஏற்றி இறக்கியபோது 194-இல் முதல் தட்டல் கேட்டது. 172-இல் சத்தம் தேய்ந்து மறைந்தது. 152 வரை நிசப்தம், பிறகு மறுபடியும் சத்தம். அந்தப் பெரியவரின் அழுத்தம் 194/94. மாணவி காற்று ஏற்றிய 160, சரியாக அந்த நிசப்த இடைவெளிக்குள் விழுந்திருக்கிறது. தமனிகள் இறுகிப்போன முதியவர்களிடமும், நெடுநாள் அழுத்தம் உள்ளவர்களிடமும் இப்படி இடையில் சத்தம் காணாமல் போவது உண்டு. காதுக்குக் கேட்காத அந்த இடத்திலும் விரலுக்கு நாடி தட்டுப்படும். அதனால்தான் முதலில் விரல், பிறகு காது.

உண்மையில் இந்த இரண்டு அசைவுகளும் இரண்டு தனித்தனிக் கண்டுபிடிப்புகள். 1896-இல் இத்தாலியின் டூரின் நகரில் சிபியோனே ரீவா ரோச்சி என்ற மருத்துவர் கையில் ரப்பர் பட்டையைக் கட்டிக் காற்று ஏற்றி, நாடி நிற்கும் இடத்தைப் பாதரசக் குழாயில் பார்த்து எழுதினார். அவர் முறையில் மேல் அளவு மட்டுமே கிடைத்தது. ஒன்பது வருடம் கழித்து, 1905-இல், ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் நிகோலாய் கொரோட்கோவ் என்ற அறுவை மருத்துவர் பட்டைக்குக் கீழே தமனிமேல் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார். அவர் அதைப் பற்றி எழுதிய அறிக்கை ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். லாபில் ஒரு மாணவி ஒரே கையில் முதலில் 1896-ஐயும் அடுத்து 1905-ஐயும் செய்து பார்க்கிறாள்.

அவள் கேட்கப்போகும் சத்தம் இதயத்தின் சத்தமில்லை. இதை எத்தனை முறை சொன்னாலும் சிலருக்கு ஐயம் போவதில்லை. பட்டையின் இறுக்கம் ரத்தத்தின் உச்ச அழுத்தத்தைவிட அதிகமாக இருக்கும்வரை தமனி நசுங்கி மூடிக் கிடக்கும். ரத்தம் போகாது, சத்தமும் வராது. காற்றை மெல்ல இறக்கும்போது ஒரு கட்டத்தில் ஒவ்வொரு துடிப்பின் உச்சத்திலும் கொஞ்சம் ரத்தம் பீறிட்டு நுழையும். மூடிய தமனி சட்டென்று திறந்து மூடும். அந்த முதல் "டக்", மேல் அளவு. இன்னும் இறக்க இறக்கச் சத்தம் வலுத்து, பிறகு மங்கும். பட்டையின் இறுக்கம் ரத்தத்தின் மிகக் குறைந்த அழுத்தத்துக்கும் கீழே போனதும் தமனி எந்நேரமும் திறந்தே இருக்கும், ரத்தம் தடையில்லாமல் ஓடும், சத்தம் அடங்கிவிடும். கடைசியாகச் சத்தம் கேட்ட இடம் கீழ் அளவு.

டெமோ முடிந்து மாணவிகள் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்ததும் அறையில் சலசலப்பு கூடியது. டியூட்டர் கையைத் தட்டினார். நோயாளியாக உட்கார்ந்திருப்பவரும் பேசக் கூடாது, பேச்சும் அளவை ஏற்றும்.

முதல் பத்து நிமிடத்தில் எல்லா மேசையிலிருந்தும் வந்தது ஒரே புகார்தான்: "மேம், ஒண்ணுமே கேக்கல." காரணங்கள் மட்டும் மேசைக்கு மேசை வேறு. ஒருத்தி ஸ்டெதஸ்கோப்பைத் திருப்பி மாட்டியிருந்தாள். காதுக்குமிழ்கள் மூக்கைப் பார்த்து முன்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் அவை காதுச் சுவரில் முட்டி அடைத்துக்கொள்ளும். இன்னொருத்தி கையில் வைத்திருந்தது இருபக்கம் உள்ள வட்டு. காதுக்குப் போகும் வழி மறுபக்கம் திறந்திருந்தது. வட்டை விரலால் லேசாகத் தட்டிப் பார்த்திருந்தால் அந்த நொடியே தெரிந்திருக்கும். மூன்றாவது மேசையில் இருந்தவள் வட்டைப் பட்டையின் அடியில் செருகியிருந்தாள், கையால் பிடிக்க வேண்டியதில்லை என்ற வசதிக்காக. அப்படிச் செருகினால் வட்டும் சேர்ந்து தமனியை அழுத்தும், பட்டை உரசும் சத்தமும் காதில் விழும். பட்டையின் கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் மேலேயே நிற்க வேண்டும் என்பது இந்த இடத்துக்காகத்தான்.

பெரும்பாலானோருக்குச் சிக்கல் வட்டு வைக்கும் இடத்தில் இருந்தது. மடிப்பின் நட்டநடுவில் வைத்தார்கள். அங்கே தட்டுப்படுவது பைசெப்ஸ் தசையின் கெட்டியான நாண். தமனி அந்த நாணுக்கு உட்புறமாக, சுண்டு விரல் பக்கம் ஓடுகிறது. விரலால் துடிப்பைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டு அதன் மேலேயே வட்டை வைத்தவர்களின் முகம் மாறியதைப் பார்க்கவே நன்றாக இருந்தது. பல்பைப் பிடித்த கை அப்படியே நின்றுபோக, "ஏய், கேக்குதுடி!" என்று ஒருத்தி கத்தினாள். காற்று இறங்கிக்கொண்டிருந்தது. எந்த எண்ணில் கேட்டது என்று அவள் பார்க்கவில்லை. மறுபடியும் முதலிலிருந்து.

காது பழகியதும் அடுத்த சிக்கல் கட்டை விரலுக்கு வந்தது. பல்பின் கழுத்தில் இருக்கும் வால்வுத் திருகை எவ்வளவு திறப்பது என்பது கைப்பழக்கம். முள் நொடிக்கு 2 அல்லது 3 மில்லிமீட்டர் இறங்க வேண்டும். முதல் நாளில் முள் தடதடவென்று விழும், அல்லது நகரவே நகராது. விழுந்தால் என்ன ஆகும் என்பதை டியூட்டர் பலகையில் கணக்குப் போட்டுக் காட்டினார். நாடி நிமிடத்துக்கு 60 என்றால் நொடிக்கு ஒரு துடிப்பு. உண்மையான அழுத்தம் 118/76 என்று வைத்துக்கொள்வோம். முள் நொடிக்கு 10 இறங்குகிறது. ஒரு துடிப்பு வரும்போது முள் 122-இல், சத்தம் இல்லை. அடுத்த துடிப்பு 112-இல், சத்தம் கேட்கிறது. மேல் அளவு 112 என்று எழுதுகிறாள். அப்படியே 102, 92, 82 வரை கேட்கிறது. அடுத்தது 72, அங்கே சத்தம் இல்லை. கீழ் அளவு 82. ஆக 118/76 என்பது 112/82 ஆகிவிட்டது. மேல் அளவு குறைந்து, கீழ் அளவு கூடி, இரண்டு பக்கமும் தவறு. மெதுவாக இறக்கினால் ஒவ்வொரு துடிப்புக்கும் முள் 2 மட்டுமே நகர்ந்திருக்கும், தவறும் அதற்குள் அடங்கியிருக்கும். நாடி மெதுவாக ஓடும் நோயாளிக்கு இன்னும் நிதானம் வேண்டும்.

ஒரு மேசையில் கூட்டாளியின் கை ஊதா நிறமாகிக்கொண்டிருந்தது. விட்டு விட்டுக் காற்று ஏற்றி, முழுக்க இறக்காமலே திரும்ப ஏற்றியதால் ரத்தம் கையிலேயே தேங்கியிருந்தது. டியூட்டர் பட்டையைக் கழற்றச் சொன்னார். கையை ஆட்டி, ஒரு நிமிடமாவது விட்டு, அடுத்த முயற்சியை மற்றக் கையில் செய்யச் சொன்னார்.

ஐந்தாவது மேசையில் வேறு ஒன்று நடந்தது. அங்கே இருந்தவள் எந்தத் தடுமாற்றமும் இல்லாமல் முடித்து 120/80 என்று நோட்டில் எழுதிவிட்டாள். டியூட்டர் தன் பையிலிருந்து ஒரு வட்டும் இரண்டு ஜோடிக் காதுக்குமிழ்களும் உள்ள ஸ்டெதஸ்கோப்பை எடுத்து, ஒரு ஜோடியை அவளுக்கு மாட்டி மற்றதைத் தான் மாட்டிக்கொண்டார். இருவரும் ஒரே சத்தத்தை ஒரே நேரத்தில் கேட்கலாம். திரும்பப் பார்த்ததில் 106/68. "120/80 எங்கம்மா கேட்டுச்சு?" பெண் தலையைக் குனிந்துகொண்டாள். புத்தகத்தில் இருந்த எண் அது. கேட்கவில்லை என்று சொல்லக் கூச்சமாக இருந்திருக்கிறது. டியூட்டர் திட்டவில்லை. "கேக்கலைன்னா 'கேக்கல'ன்னு சொல்லு. அதை நான் சரிபண்ணிடலாம். நீ எழுதின நம்பரை யார் சரிபண்ணுவா?" என்று மட்டும் சொன்னார். நோட்டுகளைத் திருத்தும்போது இன்னொரு தடயத்தையும் அவர் தேடுவதுண்டு. டயலில் கோடுகள் இரண்டிரண்டாகத்தான் இருக்கின்றன. கையால் பார்த்த அளவு 115/77 என்று ஒற்றைப்படையில் முடிந்தால், அது கோட்டைப் பார்த்து எழுதியதாக இருக்க முடியாது. பக்கம் முழுக்கச் சைபரில் முடிந்தாலும் சந்தேகம்தான்.

ஆட்டோமேட்டிக் மிஷின் இருக்கும்போது இத்தனை பாடு எதற்கு என்று கேட்கலாம். பாதரசக் கருவிகள் மினமாட்டா உடன்படிக்கைக்குப் பின் உலகெங்கும் விலகிக்கொண்டிருக்கின்றன. வார்டுகளில் இப்போது டயலும் மிஷினும்தான். ஆனால் இதயத்துடிப்பு ஒழுங்கில்லாமல் தாறுமாறாக இருக்கும் நோயாளியிடம் மிஷினின் எண்ணை அப்படியே நம்ப முடியாது, காதுதான் துணை. அது மட்டுமில்லை, கை தொங்குகிறதா, பட்டை சின்னதா, கால்மேல் கால் போட்டிருக்கிறாரா என்பது எந்த மிஷினுக்கும் தெரியாது.

அடுத்த வாரம் செக்லிஸ்ட் தேர்வு. ஒவ்வொரு படியையும் தனி வரியாக எழுதி, செய்தாளா இல்லையா என்று மட்டும் குறிக்கும் இந்த மாதிரித் தேர்வு, ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டன் 1975-இல் மருத்துவ மாணவர்களுக்காக அறிமுகப்படுத்திய தேர்வு முறையின் வழி வந்தது. தெரிந்த வேலைதானே என்று யாரும் சும்மா இருந்துவிட முடியாது என்பதற்கு ஒரு சான்று உண்டு. அமெரிக்க மருத்துவச் சங்கம் 159 மருத்துவ மாணவர்களை வைத்து பி.பி. பார்ப்பதில் 11 படிகளைச் சோதித்தது. முடிவு 2017-இல் வெளியானது. பதினொன்றையும் சரியாகச் செய்தவர் ஒரே ஒருவர். சராசரியாக ஒருவர் நான்கு படிகளைத்தான் சரியாகச் செய்திருந்தார்.

இந்தக் கல்லூரியின் தாளில் 24 வரிகள். அவற்றில் இரண்டுக்கு நட்சத்திரக் குறி. அதில் ஒன்று, எந்தக் கையில் பட்டை கட்டக் கூடாது என்று விசாரிப்பது. டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்து அறுவை செய்த கையிலும், மார்பகப் புற்றுநோய்க்காக அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்த பக்கத்திலும் பி.பி. பார்க்கக் கூடாது. நட்சத்திர வரியைத் தவறவிட்டால் மற்ற மதிப்பெண் எவ்வளவு இருந்தாலும் மறு தேர்வு.

அன்று 120/80 எழுதிய பெண்ணின் முறை வந்தது. கையைக் கழுவினாள். பெயரைக் கேட்டு, அடையாளப் பட்டையோடு ஒப்பிட்டாள். "டீ, காபி அரை மணி நேரத்துக்குள்ள குடிச்சீங்களாம்மா? பாத்ரூம் போகணுமா?" நோயாளியாக உட்கார்ந்திருந்த தோழிக்கு முன்கூட்டியே ஒரு ரகசியம் சொல்லிவைக்கப்பட்டிருந்தது, கேட்டால் மட்டும் சொல்ல வேண்டும் என்று. "கையில ஏதாவது ஆபரேஷன் பண்ணியிருக்கா?" என்றாள் இவள். "இடது கையில, டயாலிசிஸுக்கு." வலது பக்கம் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டாள். தாளில் நட்சத்திரத்துக்கு எதிரே டிக் விழுந்தது.

முள் சைபரில் நிற்கிறதா என்று பார்த்தாள். கையை அளந்து பட்டையைத் தேர்ந்தெடுத்தாள். விரலால் பார்த்தபோது நாடி 108-இல் நின்றது. ஒரு நிமிடம் பொறுத்து 140 வரை ஏற்றி இறக்க ஆரம்பித்தாள். அந்த நேரம் பார்த்து வராந்தாவில் யாரோ ட்ராலியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். முள் 100-க்குக் கீழே வந்துவிட்டது. டியூட்டரின் காதிலும் இரட்டை ஸ்டெதஸ்கோப்பின் மறு ஜோடி இருந்தது, அவர் முகத்தில் எந்தக் குறிப்பும் இல்லை. பாதியில் மறுபடியும் பல்பை அமுக்க விரல்கள் துடித்தன. அமுக்கவில்லை. காற்றை முழுக்க இறக்கினாள்.

"மேம், முதல் சத்தத்தை விட்டுட்டேன். திரும்பப் பார்க்கிறேன்."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு நிமிடம் நின்றாள். இரண்டாம் முறை 110/66 என்று எழுதினாள். டியூட்டர் தன் தாளில் எழுதியிருந்தது 112/66. நான்குக்குள் இருந்தால் சரி என்பது இங்கே விதி. இதுவும் டிக்.

மொத்தம் 22. எந்தக் கையில் பார்த்தாள் என்று எழுதாததற்கு ஒன்று போனது. முடித்தபின் காதுக்குமிழ்களை ஸ்பிரிட் பஞ்சால் துடைக்காததற்கு இன்னொன்று. தாளைத் திருப்பிக் காட்டியதும் அவள் பேனாவை எடுத்து, 110/66-க்குப் பக்கத்தில் "வலது கை, உட்கார்ந்த நிலை, 2.40" என்று சேர்த்தாள். பிறகு பஞ்சை நனைத்துக் குமிழ்களைத் துடைத்து, பட்டையைச் சுருட்டி, அடுத்து வந்தவளிடம் கொடுத்தாள்.